ரிலீவர் வராத இரவு

சென்னையின் அடுக்குமாடி வளாகங்களில் காவலாளிகளின் ஷிஃப்ட் பெரும்பாலும் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாறும். இரவு எட்டுக்கு வரவேண்டியவர் வராவிட்டால், பகல் முழுக்க கேட்டில் நின்றவரே இரவும் நிற்பார். ஏஜென்சியின் ஃபீல்டு ஆபிசர் போனில் "இன்னிக்கு ஒரு நாள் டபுள் டூட்டி பாத்துக்கப்பா" என்று சொல்லிவிடுவார். சில இடங்களில் பதிவேட்டில் வராதவரின் பெயரே ஏறிவிடும். மாதக் கடைசியில் பில் முழுத் தொகைக்கு வரும், சங்கமும் கட்டிவிடும். அந்த இரவு இரண்டு மணிக்கு வாசலில் காவல் இருந்ததா என்று யாராவது கேட்டால், ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

காவல் சேவை ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடிப் படிப்பது மாற்று ஆள் பற்றிய பிரிவைத்தான். பல ஒப்பந்தங்களில் அது ஒரே வரியில் முடிந்துவிடும்: 'காவலாளி வராத நாளில் ஏஜென்சி மாற்று ஏற்பாடு செய்யும்.' யார் வருவார், எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் நின்றவரையே மாற்று ஆளாகக் கணக்குக் காட்டலாமா என்று ஒன்றும் இருக்காது. அபராதமும் ஒப்பந்த முறிவும் கடைசியில் இந்த ஒரு வரியில் வந்துதான் தட்டும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆள் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். 120 வீடுகள் உள்ள ஒரு வளாகத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முன் கேட்டில் நாள் முழுக்க ஒருவர் வேண்டும். பின் கேட்டில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஒருவர் வேண்டும். அதைப் பூட்டிய பிறகு, விடியும் வரை ரோந்து சுற்ற ஒருவர் வேண்டும். அதாவது எந்த நேரத்திலும் இரண்டு பேர் பணியில் இருக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்ட்டாக வைத்தால் நாளுக்கு ஆறு டூட்டி, வாரத்துக்கு 42 டூட்டி. வார விடுமுறை போக ஒருவர் வாரத்தில் ஆறு டூட்டிதான் பார்க்க முடியும். எனவே ஏழு பேர் தேவை. காய்ச்சல், ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம் எல்லாம் சேர்த்தால் எட்டாவதாக ஒருவரும் கைவசம் இருக்க வேண்டும்.

இதே வளாகத்துக்கு விலைப்புள்ளி கேட்டுப் பாருங்கள். பல ஏஜென்சிகள் நான்கு பேருக்குத்தான் தரும். பகலுக்கு இரண்டு பேர், இரவுக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், மாதம் முப்பது நாளும். இந்த நான்கு பேரில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 84 மணி நேரம் நிற்க வேண்டும். சட்டப்படி வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்பு ஊதியம் தரவேண்டும். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் விதிகளும் இதைச் சொன்னன, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. நான்கு பேர் விலைப்புள்ளியில் அந்த இரட்டிப்பும் இருக்காது, வார விடுமுறையும் இருக்காது. விடுமுறை இல்லாதவர் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுவார். நிற்கத்தான் செய்வார், உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கு அவர் இடத்தில் நிற்க ஐந்தாவது ஆள் கிடையாது. மாற்று ஆள் வராததற்குக் காவலாளியின் ஒழுங்கீனத்தைக் காரணம் சொல்கிறோம். காரணம் விலைப்புள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். இனி வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதியின் ஊதிய நிலவரத்தைப் பொறுத்து அவை மாறும், மேலே 18 சதவீத ஜிஎஸ்டியும் வரலாம். நான்கு பேர், ஆளுக்கு 22,000 ரூபாய் என்றால் மாதம் 88,000. வீட்டுக்கு ஏறக்குறைய 733. எட்டு மணி நேர டூட்டி ஒன்றுக்கு 800 ரூபாய், மாதம் 180 டூட்டி என்றால் 1,44,000, வீட்டுக்கு 1,200. வித்தியாசம் வீட்டுக்கு மாதம் 467 ரூபாய். பொதுக்குழுவில் இந்த 467 ரூபாயைக் குறிப்பிட்டு வாக்கெடுப்பு நடத்துவதே நேர்மை. அவ்வளவு கொடுக்க முடியாது, பன்னிரண்டு மணி நேர முறைதான் என்று முடிவானாலும் நான்கு பேர் போதாது. வாரத்துக்கு 28 டூட்டியை ஆறால் வகுத்தால் நான்கரைக்கு மேல் வருகிறது. ஐந்தாவது ஆளையும் கூடுதல் நேர ஊதியத்தையும் விலைக்குள் எழுதியே ஆகவேண்டும்.

எனவே ஒப்பந்தத்தில் 'நான்கு காவலாளிகள்' என்று ஆள் எண்ணிக்கையை எழுதாமல் 'மாதம் 180 டூட்டி, எந்த வேளையிலும் இரண்டு பாயிண்ட்' என்று எழுதுங்கள். பில்லும் டூட்டிக் கணக்கில் வரட்டும். வந்த டூட்டிக்குத்தான் பணம் என்றாகிவிட்டால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

மாற்று ஆள் பிரிவில் என்ன எழுத வேண்டும்? ஒப்பந்தம் தொடங்கும் நாளிலேயே வழக்கமான காவலாளிகளுடன் சேர்த்து மூன்று ரிலீவர்களின் பெயர்ப் பட்டியலை ஏஜென்சி கொடுக்க வேண்டும். புகைப்படம், அடையாளச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, பயிற்சிச் சான்றிதழ் நான்கும் அதில் இருக்க வேண்டும். மூவரும் ஆளுக்கு ஒரு பகல், ஓர் இரவு வளாகத்தில் நின்று இடம் பழக வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே, தீயணைப்புக் குழாய் வால்வு எங்கே, எந்த பிளாக்கில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் என்று தெரியாத மாற்று ஆள் ஆபத்து நேரத்தில் திகைத்துத்தான் நிற்பார். பட்டியலில் பெயர் இல்லாதவரை ஒரு நாளுக்குக்கூட அனுப்பக் கூடாது. இந்த இடத்தில் சங்கங்கள் இளகவே கூடாது என்பது என் கருத்து. 2018இல் சென்னை அயனாவரத்தில், ஓர் அடுக்குமாடி வளாகத்தில் வேலை பார்த்த லிஃப்ட் ஆபரேட்டர், காவலாளி, பிளம்பர் உள்ளிட்ட 17 பேர் ஒரு சிறுமியை வன்கொடுமை செய்த வழக்கில் கைதானார்கள். 2020இல் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சரிபார்ப்பு இருந்தால் எல்லாக் குற்றமும் தடுக்கப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் என்றே தெரியாத ஒருவரிடம் ஓர் இரவுக்கு மொத்த வளாகத்தின் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் வந்தது. காவலாளியை அனுப்பும் ஏஜென்சிக்கு அதன்படி மாநில அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி வழங்கும் உரிமம் கட்டாயம். உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு. காவலாளிக்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 65ஐ எட்டியிருக்கக் கூடாது. நன்னடத்தைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகள் வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி கேட்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவலர்களுக்கும் அது குறைவு. இந்த நிபந்தனைகள் நிரந்தரக் காவலாளிக்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒரு நாள் மாற்றாக வருபவருக்கும் அவைதான்.

இனி அபராதம். 'காவலாளி வராவிட்டால் அன்றைய தொகை பிடித்தம் செய்யப்படும்' என்பது வழக்கமான வாசகம். படிக்கும்போது கண்டிப்பாகத் தெரியும் இந்த வாசகம் நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 800 ரூபாய் டூட்டியில் காவலாளியின் ஊதியம், பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ், சீருடைச் செலவு எல்லாம் போக ஏஜென்சிக்கு நிற்பது 80 ரூபாய் என்று வைப்போம். பாயிண்ட் காலியாக இருந்தால் சங்கம் 800ஐப் பிடிக்கும், ஏஜென்சி ஊதியமும் கொடுக்க வேண்டியதில்லை. ஆக நட்டம் 80 ரூபாய்தான். அதே டூட்டிக்குக் கடைசி நேரத்தில் இன்னொருவரைக் கூப்பிட்டு, இரட்டிப்பு ஊதியம் கொடுத்து அனுப்பினால் 1,100 ரூபாய் செலவாகும். சங்கம் தருவது 800. நட்டம் 300. பாயிண்ட்டைக் காலியாக விடுவதுதான் லாபம் என்று ஆகிவிடுகிறது.

அதனால் காலியான டூட்டிக்கு 800 பிடித்தம், அதற்கு மேல் 400 இழப்பீடு என்று எழுத வேண்டும். அப்போது காலியாக விட்டால் நட்டம் 480, ஆள் அனுப்பினால் 300. ஏஜென்சி ஆளைத் தேடி அனுப்பும்.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது வழி ஒன்று திறந்தே கிடக்கிறது. காலையில் வந்தவரையே தொடர்ந்து நிறுத்தி, இரட்டிப்பு தராமல் சாதாரண ஊதியம் மட்டும் கொடுத்தால் ஏஜென்சிக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. காலி பாயிண்ட்டுக்கு அபராதத்தை ஏற்ற ஏற்ற, அந்தச் சுமை டபுள் டூட்டியாக ஏற்கெனவே களைத்தவரின் முதுகில்தான் இறங்கும். இதை அடைக்காத அபராதப் பிரிவு வளாகத்துக்கும் நல்லதல்ல, காவலாளிக்கும் நல்லதல்ல. எனவே அடுத்த வாக்கியம் இப்படி இருக்கட்டும்: 'மாற்று ஆள் வரும் வரை ஒருவரை அதிகபட்சம் நான்கு மணி நேரம் கூடுதலாக நிறுத்தலாம்; அதற்கு இரட்டிப்பு ஊதியம் தரவேண்டும்; ஒருவர் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த டூட்டி காலியான டூட்டியாகவே கருதப்படும்.' பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வைத்திருக்கும் வளாகங்களில் இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

கோபத்தில் காலி டூட்டி ஒன்றுக்கு 5,000 ரூபாய் என்று எழுதும் சங்கங்களும் உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபதே சந்த் வழக்கிலிருந்தே இதை விளக்கி வருகிறது. 800 ரூபாய் டூட்டிக்கு 5,000 ரூபாயை நியாயம் என்று நிரூபிப்பது கடினம். எப்படி வந்தது என்று கணக்குக் காட்டக்கூடிய 400 ரூபாய் நிற்கும். மொத்த இழப்பீட்டுக்கும் ஓர் எல்லை வையுங்கள், மாத பில்லில் ஐந்து சதவீதம் என்று. நம் எடுத்துக்காட்டில் அது 7,200 ரூபாய், அதாவது 18 டூட்டி. 180 டூட்டியில் பத்தில் ஒன்று காலியாக இருந்தால் அபராதம் போட்டுச் சரிசெய்யும் கட்டம் கடந்துவிட்டது. அதற்கு மருந்து ஒப்பந்த முறிவுப் பிரிவில் இருக்கிறது.

இந்த அபராதம் ஏஜென்சிக்குத்தான், காவலாளிக்கு அல்ல என்பதையும் எழுதிவைக்க வேண்டும். தொழிலாளிக்கு விதிக்கும் அபராதம் அந்த ஊதியக் காலத்து ஊதியத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமலும் பிடிக்க முடியாது. சங்கம் ஏஜென்சியிடம் பிடித்த பணம் அப்படியே ஒரு காவலாளியின் சம்பளத்தில் கழிந்தால், அவர் அடுத்த மாதம் இருக்க மாட்டார். பட்டியலில் இல்லாத இன்னொரு புது முகம் வாசலுக்கு வரும்.

அபராதம் போடுமுன் சங்கம் தன் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கேட்டில் நின்றவரை ஒரு வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைத் தூக்கிவரச் சொல்கிறார், இன்னொருவர் காரைத் துடைக்கச் சொல்கிறார், மூன்றாமவர் பார்சலை ஏழாவது மாடிக்குக் கொண்டுவரச் சொல்கிறார். அந்த நேரத்தில் கேட் காலி. எனவே ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் தனிக் கடமைத்தாள் வேண்டும். முன் கேட் என்றால் வருவோர் பதிவு, வண்டி எண், வீட்டுக்காரரின் ஒப்புதல், தண்ணீர் லாரியின் எண்ணிக்கை, ஷிஃப்ட் மாறும்போது சாவி, டார்ச், வாக்கி டாக்கி எண்ணிக் கையெழுத்து. இரவு ரோந்து என்றால் எந்தெந்த இடம், எத்தனை மணிக்கு ஒருமுறை. செய்யக் கூடாதவையும் அதே தாளில் இருக்கட்டும். வீட்டு வேலை செய்யக் கூடாது, வீட்டுச் சாவியை வாங்கி வைக்கக் கூடாது, பயிற்சி இல்லாமல் நின்றுபோன லிஃப்டின் கதவைத் திறக்கக் கூடாது. உத்தரவு மேலாளர் அல்லது செயலாளர் ஒருவரிடமிருந்து மட்டுமே வரவேண்டும். குடியிருப்பவர் வேலையாக அனுப்பிய நேரத்துக்கு ஏஜென்சி மீது அபராதம் கிடையாது என்றும் எழுதுங்கள். கழிப்பறை, குடிநீர், மழைக்கும் வெயிலுக்கும் கூரை, உட்கார நாற்காலி இவை சங்கத்தின் கடமைகளாக ஒப்பந்தத்திலேயே வரவேண்டும். கழிப்பறைக்காக அடுத்த தெரு வரை போய்வர வேண்டிய காவலாளியின் கேட் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கடமைத்தாளில் தெளிவாக்க வேண்டும். காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் உடலைச் சோதிக்கவோ, சந்தேகப்பட்டவரை அறையில் அடைத்து விசாரிக்கவோ அவரால் முடியாது. தன் கண்ணெதிரே ஜாமீனில் வரமுடியாத கைதுக்குரிய குற்றத்தைச் செய்பவரைப் பிடித்துவைக்க எந்தத் தனிமனிதருக்கும் உள்ள உரிமை அவருக்கும் உண்டு. அப்படிப் பிடித்தவரைத் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு.

திருட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எல்லாப் பொதுக்குழுவிலும் வரும். காவலாளியின் அலட்சியம் கூட்டு விசாரணையில் உறுதியானால் ஏஜென்சி ஈடுசெய்யும், வரம்பு ஒரு மாத அல்லது இரண்டு மாத பில் தொகை, வீட்டுக்குள் இருக்கும் நகைக்கும் பணத்துக்கும் பொறுப்பில்லை என்பதுதான் ஏஜென்சிகள் ஒப்புக்கொள்ளக்கூடிய எல்லை. அதைத் தாண்டிய இழப்புக்குக் காப்பீடுதான் வழி.

ஒப்பந்த முறிவுப் பிரிவில் இரண்டு வாசல் வேண்டும். ஒன்று, காரணம் சொல்லாமல் வெளியேறும் வாசல். சங்கம் 30 நாள் முன்னறிவிப்பு தரலாம். ஏஜென்சி 60 நாள் தரவேண்டும், ஏனென்றால் புது ஏஜென்சியைத் தேடி ரிலீவர் பட்டியல் சரிபார்க்க அவ்வளவு காலம் பிடிக்கும். இன்னொன்று, உடனடியாக முடிக்கும் வாசல். உரிமம் காலாவதியானால், சரிபார்ப்பு இல்லாத ஆளை அனுப்பினால், பதிவேட்டில் பொய்ப் பெயர் ஏறினால், இரண்டு மாதம் தொடர்ந்து இழப்பீடு ஐந்து சதவீத எல்லையைத் தொட்டால், பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டாமல் விட்டால் அது திறக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏஜென்சி மாதாமாதம் கொடுக்கும் மொத்தச் செலுத்துச்சீட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதில் பல வளாகங்களின் ஆட்கள் கலந்திருப்பார்கள். ஆட்களின் பெயரும் யூஏஎன் எண்ணும் உள்ள பிஎஃப் மாதப் பட்டியலில் உங்கள் காவலாளிகளின் வரிகளைக் கேட்டு வாங்கி, டூட்டிப் பதிவேட்டுப் பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். பதிவேட்டில் எட்டுப் பெயர், பிஎஃப் பட்டியலில் மூன்று பெயர் என்றால் மீதி ஐந்து பேருக்கு நீங்கள் கொடுத்த பணம் எங்கோ போகிறது. ஒப்பந்ததாரர் கட்டாததை முதன்மை முதலாளியிடம் கேட்கச் சட்டத்தில் வழி இருப்பதால், அது சங்கத்தின் கணக்கிலும் ஒருநாள் வந்து விழலாம்.

ஏஜென்சி மாறும் நாள்தான் வளாகம் மிக பலவீனமாக இருக்கும் நாள். பழையவர்கள் இரவு எட்டுக்குச் சீருடையைக் கழற்றிவிட்டுப் போவார்கள். புதியவர்கள் மறுநாள் காலைதான் வருவார்கள். நடுவே ஓர் இரவு யாருடையதும் அல்ல. இதைத் தவிர்க்கப் பழைய, புதிய காவலாளிகள் குறைந்தது ஒரு முழு நாள் சேர்ந்து நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்கான செலவு சங்கத்துடையது. சாவி, பதிவேடு, சிசிடிவி கடவுச்சொல், வருவோர் பதிவுச் செயலியின் நிர்வாக உரிமை எல்லாம் எழுத்தில் கைமாற வேண்டும். கடவுச்சொற்களை அன்றே மாற்றிவிட வேண்டும். கடைசி பில்லின் ஒரு பகுதியை, காவலாளிகளின் ஊதியமும் பிஎஃப்பும் தீர்ந்ததற்கான சான்று வரும் வரை நிறுத்திவைக்கும் உரிமை சங்கத்துக்கு இருக்க வேண்டும். சான்று வந்த ஏழு நாளில் கொடுத்துவிட வேண்டும். இழுத்தடித்தால் கடைசியில் சம்பளம் நிற்பது காவலாளிக்குத்தான்.

உங்கள் வளாகத்தின் ஒப்பந்தம் இப்போது செயலாளரின் அலமாரியில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி மாற்று ஆள் பிரிவைப் படியுங்கள். போன மாத டூட்டிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர் அடுத்தடுத்த இரண்டு ஷிஃப்ட்டில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கேட்டில் நிற்பவரிடம் வார விடுமுறை கிடைக்கிறதா என்று நேரிலும் கேளுங்கள். அந்த எண்ணிக்கையையும் அவர் சொன்ன பதிலையும் அடுத்த பொதுக்குழுவில் எடுத்து வையுங்கள்.